‘வந்துச்சு’வைத் திருத்துவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

ஒவ்வொரு சொல்லும் பெயரா, வினையா, வேறு என்ன வகை என்று குறிக்கும் சொல்வகை டேக் போடும் நிரல் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் கேட்பது “எத்தனை சதவீதம் சரியாப் போடுது?” என்றுதான். பாம்பன், மண்டபம் பக்கம் கடல் தொழில் செய்பவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கும் வேலை எனக்கு. என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: மொத்தம் எத்தனை டேக், எதை எதோடு சேர்த்தீர்கள்? சேர்க்கச் சேர்க்கத் தப்பு குறையும், சதவீதம் தானாக ஏறும். வினை எல்லாவற்றுக்கும் ஒரே டேக் கொடுத்துவிட்டால் வினைக்குள் தப்பு செய்யவே வழியில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பிரிக்கவும் முடியாது. படகு, படகை, படகுக்கு, படகிலிருந்து என்று வேற்றுமைக்கு ஒரு டேக் வைத்தால் பட்டியல் எங்கேயோ போய்விடும். ஒவ்வொன்றுக்கும் போதுமான உதாரணமும் கிடைக்காது. கோவை அமிர்தா பல்கலைக்கழகத்தில் உருவான டேக் தொகுதி 32 டேக்கோடு நின்றதற்கு இதுதான் காரணம். வேற்றுமையை, சொல்லை அடிச்சொல், உருபு என்று பிரிக்கும் நிரலான உருபனியல் பகுப்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். உருபு சொல்லின் வாலிலேயே ஒட்டியிருப்பதால் அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். சிக்கல், வாலைப் பார்த்தும் தெரியாத இடங்களில்.

‘வந்தது’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்.

காலையில் படகு வந்தது.
காலையில் படகு வந்தது யாருக்கும் தெரியாது.
காலையில் வந்தது தங்கச்சிமடம் படகு.

முதலாவது வினைமுற்று. இரண்டாவதில் வந்த செயலையே குறிக்கும் பெயர். மூன்றாவதில் வந்த பொருளைக் குறிக்கும் வினையாலணையும் பெயர். எழுத்தில் மூன்றும் ஒன்று. ‘வந்ததை’, ‘வந்ததால்’ என்று உருபு ஏறிவிட்டால் குழப்பமில்லை, அது முற்றாக இருக்க முடியாது. உருபில்லாமல் நிற்கும்போதுதான் தகராறு.

இதைத் தீர்க்கும் தகவல் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கிறது. பின்னால் ‘தெரியாது’ வருகிறதா, முற்றுப்புள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து இரண்டு மூன்று டேக்குகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் பழைய மார்க்கோவ் முறைக்கு, ‘வந்தது’க்கும் ‘தெரியாது’க்கும் நடுவில் நாலு சொல் புகுந்தாலே அந்தத் தொடர்பு கையைவிட்டுப் போய்விடும். வலப்பக்கச் சொற்களையும் அடையாளமாகக் கொடுத்துப் பழக்கிய முறைகள் இதைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் எங்கள் பேச்சுப் பதிவில் முற்றுப்புள்ளி ஏது? மூச்சு விடுமிடம்தான் புள்ளி.

தப்பினால் என்ன ஆகும்? இரண்டாவது வாக்கியத்தில் ‘வந்தது’ முற்று என்று டேக் விழுந்தால், அதை நம்பி வாக்கியம் பிரிக்கும் அடுத்த நிரல் அங்கேயே வெட்டும். ‘யாருக்கும் தெரியாது’ தனியே கிடக்கும். எது தெரியாது என்பது போய்விடும். மூன்றாவதில் ‘தங்கச்சிமடம் படகு’ அடுத்த வாக்கியத்தின் எழுவாயாகிவிடும். பட்டியலில் ஒரு சொல்தான் தப்பு, ஆனால் பொருள் மொத்தமும் இடம் மாறிவிடும். ‘கடலுக்குப் போனது நாலு பேர்’ போன்ற இடத்தில் இதைச் சுலபமாகப் பிடிக்கலாம்: முற்றாக இருந்தால் ‘போனார்கள்’ என்றல்லவா வரவேண்டும்?

என் கருத்து, முற்றைத் தனியாக வைத்தே ஆகவேண்டும். மற்ற இரண்டையும் ஒரே டேக்கில் சேர்த்துவிடலாம். இலக்கணத்தில் அவை வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டுக்குள் எது என்று கையால் டேக் போடுபவர்களே அடிக்கடி ஒத்துப்போகாதபோது, நிரல் எதைப் பார்த்துக் கற்கும்? பல மொழிகளுக்கும் ஒரே மாதிரி இலக்கணக் குறிப்பு போடும் யுனிவர்சல் டிபென்டன்சீஸ் திட்டத்தில் பொதுவான சொல்வகை 17தான். முற்றா எச்சமா என்பது `VerbForm` என்ற தனிப் பண்புக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 17க்கான சதவீதத்தை மட்டும் வெளியில் சொன்னால் நான் மேலே சொன்ன தப்பு எதுவும் அதில் தெரியாது.

இப்போது உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் இந்தக் குழப்பம் முக்கால்வாசி இல்லவே இல்லை! “படகு வந்துச்சு” என்றால் முற்று. “படகு வந்தது யாருக்கும் தெரியாது” என்னும் இடத்தில் யாரும் ‘வந்துச்சு’ போடமாட்டார்கள். பேசுகிற வாயே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் பதிவுகளை வாங்குகிற ஒரு குழு, டேக் போடுவதற்கு முன்னால் ‘எழுத்துத் தமிழாக்குகிறோம்’ என்று எல்லா ‘வந்துச்சு’வையும் ‘வந்தது’ ஆக்குகிறது. போச்சு, கிடைச்சுச்சு எல்லாவற்றுக்கும் இதே கதி. சும்மா கிடைத்த விடையை அழித்துவிட்டு, அதையே கண்டுபிடிக்க நிரலைப் பழக்குகிறார்கள்.

திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னபடியே இருக்கும் சொல்லைப் பக்கத்திலேயே இன்னொரு நெடுவரிசையில் வைத்து, டேக் போடும் நிரலுக்கு அதையும் காட்டுங்கள். அப்புறம், நுணுக்கமான டேக்கில் பழக்கி, வந்த விடையைப் பெரிய டேக்குகளாக மடக்கியும் ஒருமுறை அளந்து பாருங்கள். முதலிலிருந்தே பெரிய டேக்கில் பழக்கியதோடு ஒப்பிட அப்போதுதான் முடியும். ‘-அது’வில் முடியும் வினைகளுக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு கொடுத்தால், மொத்தச் சதவீதத்தை நான் கேட்கவே மாட்டேன்.