கேன் கேட்டா கேன் இல்லடே

இன்னைக்கு வீக் ஆஃப், அதனால ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு விஷயத்த எழுதுதேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் ஏ.ஆர். காலர். தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், அமெரிக்கால ஒரு டாக்டர் வைத்தியம் பாத்துட்டு இன்சூரன்ஸ்காரன்ட்ட பணம் கேப்பாரு, அவன் தரமாட்டேன்னு டினையல் போடுவான், ஏன்யா போட்டன்னு போன் போட்டு கேக்குறதுதான் நம்ம பொழப்பு. பாளையங்கோட்டைல வீட்டு மாடில உக்காந்து சாயங்காலம் ஹெட்செட்ட மாட்டுனா ராத்திரி மூணு மூணரை வரைக்கும் ஓடும். அம்மா கேப்பாவ, ராத்திரி பூரா யார்கூடல இப்படி சண்ட போடுதன்னு.

சேந்த முதல் வருசம். ஒரு கிளெய்ம், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் இல்லன்னு டினை ஆயிருக்கு. கூப்பிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பள ரெப், நல்லா நிதானமா தெளிவா பேசுனா. "வி கேன்ட் ரீப்ராசஸ் இட் விதவுட் த ரெக்கார்ட்ஸ்"னு சொன்னா. என் காதுல விழுந்தது "வி கேன் ரீப்ராசஸ் இட் விதவுட் த ரெக்கார்ட்ஸ்". அட புண்ணியவதின்னு நெனச்சுக்கிட்டு, ரெக்கார்ட்ஸ் இல்லாமலே ரீப்ராசஸ் பண்ணுதாங்கன்னு நோட்ஸ்ல அடிச்சுட்டு அடுத்த கிளெய்முக்கு போயிட்டேன். ரெக்கார்ட்ஸ் அனுப்பல. அஞ்சு வாரம் கழிச்சு ஃபாலோ அப் பண்ணா அதே டினையல் அப்படியே உக்காந்துருக்கு.

குவாலிட்டில இருந்த அண்ணாச்சி ரெக்கார்டிங்க போட்டுக் காட்டுனாரு. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் எனக்கு கேன்தான்.

"என்னடே கேக்குது?"

"கேன்னுதான அண்ணாச்சி சொல்லுதா, தெளிவா கேக்குதுலா."

"தெளிவா கேக்குதுலா, அதாம்டே பிரச்சன. கேன் கேட்டா கேன் இல்லடே."

எனக்கு கோவம்தான் வந்துச்சு, என்ன இவரு விடுகத போடுதாருன்னு. அப்புறம் அவரே வேற ஒரு கால எடுத்து, நெசமாவே முடியும்னு ஒருத்தன் சொல்லுற இடத்த போட்டாரு. "வி கேன் சென்ட் யு எ காப்பி"ங்குற வாக்கியம். அதுல கேனே இல்ல! "விக்ன் சென்ட்யுவ காப்பி"ன்னு ஓடிருச்சு. க-வுக்கும் ன்-னுக்கும் நடுவுல ஆ-வும் இல்ல ஏ-வும் இல்ல, வாயத் தெறக்காம ஒரு சின்ன முக்கல், அவ்வளவுதான். சென்ட்லயும் காப்பிலயும்தான் அழுத்தம், அதாவது அடி, விழுது.

விஷயம் இதுதான் மக்களே. கேன்ங்குற சொல்லுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு உருவம் இருக்கு. 'முடியும்'னு சாதாரணமா ஒரு வினைக்கு முன்னால வரும்போது அது சுருங்கி "க்ன்" ஆயிரும். 'முடியாது'ன்னு சொல்லுற கேன்ட் சுருங்கவே சுருங்காது, அந்த ஏ சத்தம் முழுசா நிக்கும். ஆனா அதோட கடைசில இருக்க ட் இருக்கே, அது அமெரிக்கப் பேச்சுல அடுத்து ஒரு மெய் வந்துச்சுன்னா வெடிக்காது. நாக்கோ தொண்டையோ ஒரு நொடி அடைக்கும், ட்-டுன்னு வெளிய விடாது. அதனால நமக்கு மிஞ்சுறது என்ன, பளிச்சுன்னு ஒரு "கேன்". நாம பள்ளிக்கூடத்துல படிச்ச கேன் எப்படி இருந்துச்சோ அச்சு அசல் அப்படியே. அமெரிக்காக்காரன் ட்-ட நம்பி முடியும், முடியாதுன்னு பிரிக்கல, உயிரெழுத்து முழுசா இருக்கா, சப்பிப் போச்சான்னு பாத்துத்தான் பிரிக்கான். நாம அந்த ட்-டுக்கு காத்துக்கிட்டு இருக்கோம், அது வரவே வராது.

போன்ல இது இன்னும் மோசம். பழைய டெலிபோன் லைன் சுமார் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தத்தான் கொண்டு போகும், ட், ஸ் மாதிரி மெய்களோட கூர்மையெல்லாம் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கு. ஆக, அவ ட்-ட கொஞ்சம் வெடிச்சுருந்தாக்கூட நம்ம காதுக்கு வந்து சேருமான்னு சந்தேகம். உயிரெழுத்து மட்டும் சேதாரமில்லாம வரும்.

ஏன் இப்படி சுருக்குதான்? சோம்பேறித்தனம்னு நெறைய பேரு நெனைக்காங்க, நானும் நெனச்சேன். இங்கிலீஷ்ல ஒரு வாக்கியத்துல சில இடத்துலதான் அடி விழும், அங்க சத்தம் நீளும், ராகம் ஏறும். அந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எத்தன அசை இருந்தாலும் இறுக்கிப் பிடிச்சு அடைச்சுருவான், திருநெல்வேலி ஜங்ஷன்ல தீவாளிக்கு முந்துன நாள் பஸ்ஸுல ஆள் ஏத்துற மாதிரி. அந்த நேரத்துக்குள்ள நாக்கு ஆ-வுக்கு எறங்கி ஈ-க்கு ஏற முடியாது, அதனால நடுவுலயே நிக்கும். அந்த நடு சத்தத்துக்குப் பேருதான் ஷ்வா. கென்னத் பைக்னு ஒரு மொழியியல்காரர் 1945-லயே இந்த ரெண்டு வகை தாளத்துக்கும் பேரு வச்சுட்டாரு, அடிக்கு அடி ஓடுற மொழி, அசைக்கு அசை ஓடுற மொழின்னு. பின்னால மெஷின் வச்சு அளந்து பாத்தவங்க, அடிகளுக்கு நடுவுல நேரம் அவ்வளவு கறாரா சமமா இல்லன்னு சொல்லிட்டாங்க, அதுவும் சரிதான். ஆனா அடி இல்லாத அசை சுருங்குது, உயிர் நடுவுக்கு வருதுங்குறதுல யாருக்கும் தகராறு இல்ல.

ஒத்தச் சொல்லுக்குள்ளயும் இதே கததான். ஃபோட்டோகிராஃப்ல அடி முதல்ல, அதனால "ஃபோட்டக்ராஃப்". ஃபோட்டோகிராஃபின்னு ஆக்குனா அடி ரெண்டாவதுக்கு தாவிரும், அப்ப முதல் ஃபோ செத்துப் போயி "ஃப்டாக்ரஃபி" ஆயிரும். எழுத்து அதே எழுத்துதான், சத்தம் எடம் மாறிப் போச்சு. எழுத்தப் பாத்து படிச்ச நமக்கு எங்கன கேக்கும்?

நம்மால ஏன் முடியலன்னா நம்ம மொழில குறிலும் நெடிலும் அர்த்தத்த மாத்தும். படம் வேற பாடம் வேற, கல் வேற கால் வேற. இஷ்டத்துக்கு சுருக்குனா பேச்சே மாறிரும். அதனால நம்ம காது ஒவ்வொரு உயிருக்கும் அதுக்குள்ள மாத்திரைய எதிர்பாத்துக்கிட்டே இருக்கும்.

ஆனா நமக்கு சுருக்கமே தெரியாதுன்னு சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். குற்றியலுகரம் படிச்சோமே, நாடு-ங்குறதுல கடைசி உ அரை மாத்திரை, நடு-ங்குறதுல முழுசு. தொல்காப்பியத்துலயே இருக்கு. நாடு-ன்னு சொல்லும்போது உதட்ட குவிக்காம பாதியில விடுதோம்லா, அதே பாதியில விடுற வேலதான் ஷ்வாவும், சத்தம் ரெண்டும் ஒண்ணு இல்லன்னாலும். அதவிட நம்ம ஊரு "லா" இருக்கே. "வந்தாம்லா", "சொன்னேம்லா". அந்த லா எங்க இருந்து வந்துச்சு? அல்லவா. நாலு எழுத்த ஒத்த எழுத்தா முழுங்கிட்டு, முழுங்குனதே தெரியாம பேசிக்கிட்டு திரியுதோம். சென்னைல இருந்து வந்த எங்க டீம் பொண்ணு ஒருத்தி "அது என்ன லா, லா?"ன்னு கேட்டப்பதான் எனக்கே ஒறச்சுது. அவளுக்கு நம்ம லா எப்படியோ அப்படித்தான் நமக்கு அவங்க க்ன். இங்கிலீஷ்ல இந்த மாதிரி ரெட்ட உருவம் உள்ள சின்னச் சொல்லு சுமார் 40 இருக்கும், டு, ஃபார், ஆஃப், அண்ட், வாஸ், ஹேவ் எல்லாம் அதுக்குள்ளதான். "ஷுட் ஹேவ்"ல உள்ள ஹேவ் சுருங்கி ஆஃப் சுருங்குன மாதிரியே கேக்குறதால அவங்க ஊரு ஆளுகளே "ஷுட் ஆஃப்"னு தப்பா எழுதுறது உண்டு.

இப்ப எனக்கு உள்ள கடுப்பு என்னன்னா, "மெதுவா பேசச் சொல்லு, புரியும்"னு சொல்லுற டிரெய்னருங்கதான். அந்தப் பொம்பள மெதுவாத்தான் பேசுனா! இது வேகத்தால வர்றது இல்ல. எவ்வளவு நிதானமா பேசுனாலும் க்ன் க்ன்தான், லா லாதான். மெதுவா பேசச் சொன்னா அடி விழுற சொல்லத்தான் நீட்டுவாங்க, நமக்கு வேண்டிய சின்னச் சொல்லு அப்பவும் சப்பித்தான் இருக்கும். இன்னொரு குரூப்பு "நெறைய படம் பாரு தம்பி"ன்னு சொல்லும். நானும் பாத்தேன், கீழ ஓடுற சப்டைட்டில படிச்சேன், வாசிப்புதான் வளந்துச்சு.

இதுல கொடும என்னன்னா நாம பேசுறதும் தலைகீழா போயிச் சேரும். ஒருதடவ நான் "ஐ கேன் ஃபேக்ஸ் இட் டுடே"ன்னு அழுத்தம் திருத்தமா, நம்ம சார் சொல்லிக் குடுத்த மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாத குடுத்து சொன்னேன். அந்தப் பக்கம் "ஓகே, வென் குட் யு ஃபேக்ஸ் இட்?"னு வந்துச்சு. இன்னைக்கு முடியாதுன்னு நான் சொன்னதா அவன் எடுத்துக்கிட்டான். முழு ஏ கேட்டான், கேன்ட்டுன்னு முடிவு பண்ணிட்டான்.

அண்ணாச்சி எனக்கு குடுத்த பயிற்சி ரொம்ப சாதாரணமானது. ரெக்கார்டிங்ல ஆறேழு செகண்டு வெட்டி எடுத்துக்கணும். முதல் தடவ அடி விழுற சொல்ல மட்டும் எழுதணும், நடுவுல கோடு. என் கால்ல அது "கேன் – ப்ரா – விதவுட் – ரெக்"னு வந்துச்சு. அங்கனயே விடை இருக்கு பாருங்க: 'முடியும்'னா கேன் அந்த லிஸ்ட்லயே வந்துருக்கக் கூடாது, ரீப்ராசஸ்ல உள்ள ப்ரா-தான் முதல் அடியா வந்துருக்கணும். அது லிஸ்ட்ல ஏறிருச்சுன்னா கேன்ட்டுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். அதுக்கப்புறம் இலக்கணத்த வச்சு கோட்டுல என்ன நிக்கும்னு ஊகிச்சு மறுபடி கேக்கணும். ஒரு ரெண்டு மாசம் தெனமும் கால் மணி நேரம் இப்படிப் பண்ணேன், பெறகுதான் க்ன் எனக்கு ஒரு சொல்லாவே கேக்க ஆரம்பிச்சுது.

எல்லா இடத்துலயும் இந்தக் கணக்கு செல்லாது. "யெஸ், வி கேன்"னு கடைசில வந்தா கேன் முழுசா நிக்கும். இல்லன்னு சொன்னவன்ட்ட "இல்லப்பா, முடியும்"னு மறுத்து அழுத்துனாலும் நிக்கும். பிரிட்டிஷ்காரன் பெரும்பாலும் "கான்ட்"னு ஆ போட்டு சொல்லுவான், அங்க இந்த கொழப்பமே இல்ல.

அதனால இப்ப நான் சந்தேகம்னா "கேன் ஆர் கேன்ட்?"னு கேக்குறதே இல்ல, அந்த பதிலும் அதே குழில விழும். "சோ யு கேனாட், கரெக்ட்?"னு கேப்பேன். கேனாட்னு ரெண்டு அசையா வந்தா யாருக்கும் தப்பாது. நான் பேசும்போதும் முடியாதுன்னா கேனாட், முடியும்னா "ஐ வில்"னு போட்டுருவேன்.

போன வாரம் ஒரு ரெப்புகிட்ட அப்படிக் கேட்டேன். சிரிச்சுட்டு, "கேனாட். என் வீட்டுக்காரரே டெய்லி இதக் கேப்பாரு"ன்னா. கீழ அம்மா அப்பத்தான் "காப்பி வேணுமால?"ன்னு சத்தம் போட்டாவ. வேணும்லான்னேன். ஹெட்செட்ட மியூட்ல போட மறந்துட்டேன், "வாட் வாஸ் தேட்?"னு அவ கேக்கா.