கடைசி விலையைக் கேட்டா ஏன்ப்பா சித்திரை மாச விலை வருது?

வயிறு எரியுது. ஒரு கல்யாண லிஸ்டுக்கு 60 கிலோ துவரம் பருப்பு போட்டுக் கொடுத்தோம். கிலோ 124 ரூபான்னு விலை சொல்லியாச்சு, அட்வான்சும் வாங்கியாச்சு. சரக்கு ஏத்துற அன்னைக்குத்தான் பில்லைப் புரட்டிப் பார்க்குறேன், எங்க கொள்முதலே 142 ரூபா! கிலோவுக்கு 18 ரூபா, மொத்தம் 1,080 ரூபா கையை விட்டுப் போச்சு. வாக்குக் கொடுத்த விலையை மாத்த மாட்டேன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. அதுக்காக என் கோபம் ஆறிருமா?

திருமங்கலத்துல மளிகைக் கடை எங்களது. சரக்கு கீழமாசி வீதி மண்டியில இருந்து வருது, கணக்கு நான் எழுதுறேன். எக்செல்ல இருக்குற கொள்முதல் ஷீட்ல A-ல தேதி, B-ல பொருள், C-ல விலை. F2-ல பொருள் பேரை அடிச்சா கடைசியா வாங்குன விலை வரணும். அதுக்கு மேல 6 ரூபா வச்சு நாங்க விலை சொல்லுவோம். இதைச் செஞ்சு கொடுக்கக் காசு வாங்கிட்டுப் போன தம்பி எழுதி வச்சது இது:

```
=XLOOKUP(F2,B2:B1500,C2:C1500,"இல்லை",-1)
```

"-1 போட்டுருக்கேன்க்கா, கீழ இருந்து மேல தேடும்"னு சொன்னான். அந்த -1 உட்கார்ந்திருக்குறது அஞ்சாவது இடம்ப்பா! அஞ்சாவது இடம், பேர் எப்படிப் பொருந்தணும்னு சொல்ற இடம். அங்க -1 போட்டா, 'சரியான பேர் கிடைக்கலேன்னா அகரவரிசையில அதுக்கு முந்தின பேரை எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். எந்தப் பக்கம் இருந்து தேடணும்னு சொல்றது ஆறாவது இடம். அதைக் காலியா விட்டா மேல இருந்துதான் தேடும். அதனால 118 ரூபான்னு சித்திரை மாசம் எழுதுன முதல் வரியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுருச்சு. போன் போட்டுக் கேட்டா, "எரர் எதுவும் காட்டலையேக்கா"ங்குறான். எரர் காட்டியிருந்தா நான் பில்லைப் பார்த்திருப்பேனேப்பா! தப்பான விலையைச் சரியான விலை மாதிரி காட்டுனதாலதானே நம்புனேன்!

சரியா எழுதுனா இப்படி:

```
=XLOOKUP(F2,B2:B1500,C2:C1500,"இல்லை",0,-1)
```

உங்க கடை ஷீட்டையும் இப்பவே சோதிச்சுப் பாருங்க. நீங்க விக்காத பொருள் ஒண்ணை, 'வாஷிங் மெஷின்'னு வச்சுக்கங்க, F2-ல அடிங்க. 'இல்லை'ன்னு வந்தா பேர் பொருத்தம் சரி. ஏதாவது ஒரு விலை வந்துச்சுன்னா உங்களுக்கும் -1 இடம் மாறித்தான் கிடக்கு.

இதோட முடிஞ்சுதான்னா, இல்லை. திருத்தி வச்ச மறு வாரமே அடுத்த தலைவலி. மண்டிக்காரங்க ஒரு பழைய பில்லைப் பத்து நாள் கழிச்சுக் கொடுத்து விட்டாங்க. அதைக் கடைசி வரியில ஏத்துனதும் அந்தப் பழைய விலை 'கடைசி விலை' ஆயிருச்சு. கீழ இருந்து தேடுறதுக்குத் தேதின்னா என்னன்னே தெரியாது, வரிசை மட்டுந்தான் தெரியும். இதுல கடைப் பையன் ஒருத்தன் எது மலிவுன்னு பார்க்க விலைப்படி ஷீட்டையே ஏறுவரிசையில அடுக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் எந்தப் பொருளைக் கேட்டாலும் நாங்க வாங்குனதுலயே உசந்த விலைதான் வருது! கொள்முதல் ஷீட்டை யாரும் அடுக்காதீங்கய்யா. பார்க்கணும்னா காப்பி எடுத்து வச்சுப் பாருங்க.

பில் வரிசையா வரும்னு நம்ப முடியாத கடைக்குத் தேதியையும் சேர்த்துத்தான் கேட்கணும். இப்ப நான் போட்டிருக்குறது இது:

```
=XLOOKUP(1,(B2:B1500=F2)*(A2:A1500=MAXIFS(A2:A1500,B2:B1500,F2)),C2:C1500,"இல்லை",0,-1)
```

அந்தப் பொருளுக்கு எது கடைசித் தேதியோ, அந்த வரியைத்தான் இது எடுக்கும். ஒரே நாள்ல ரெண்டு பில் இருந்தா கீழ இருக்குற பில். பழைய பில்லை எங்க ஏத்துனாலும், எவன் அடுக்குனாலும் தேதி மாறாது.

ஆனா தேதியைத் தேதியா அடிக்கணுமே! எங்க கடையில பாதிப் பேரு நோட்டுல எழுதுற மாதிரி 12.06.2025-ன்னு புள்ளி வச்சே அடிக்குறாங்க. எங்க கம்ப்யூட்டர்ல அது தேதி இல்லை, வெறும் எழுத்து. கட்டத்துல இடது பக்கம் ஒட்டி நிக்கும். அந்த வரியை MAXIFS கணக்குலயே சேர்க்காது, புது விலை ஷீட்ல இருந்தும் பழைய விலைதான் வரும். நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியா எடுத்துட்டுச் சாய்வுக்கோடு போட்டேன். காலையில வந்து பார்க்குறேன், முதல் வரியையே புள்ளி வச்சு அடிச்சு வச்சிருக்காங்க!