உடைந்த முட்டைக் கணக்கு

ஐந்தாம் வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு ஒன்று. அப்படியே தருகிறேன்.

"சத்துணவு மையத்திற்குக் கொண்டுவரப்பட்ட, அட்டைக்கு 30 முட்டைகள் வீதம் அடுக்கப்பட்ட 5 அட்டைகளில், உடைந்தவை போக எஞ்சிய முட்டைகள் 142 எனில், உடைந்த முட்டைகள் எத்தனை?"

முட்டை அட்டையைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள்தானே, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். விடை 8. ஆனால் நான்கைந்து தாள்களில் 177 என்று இருந்தது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 30, 5, 142 மூன்றையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். உடைந்த முட்டை மொத்த முட்டையைவிட அதிகமாக வருகிறதே என்று யாருக்கும் உறைக்கவில்லை. கதையே மனதில் விழவில்லை, எண்கள் மட்டும் விழுந்திருக்கின்றன.

177 எழுதிய ஒரு பையனைக் கூப்பிட்டு, தாளின் பின்பக்கம் 30 × 5, 150 − 142 என்று இரண்டை மட்டும் போடச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் இரண்டையும் சரியாகப் போட்டான். அப்படியென்றால் அவனுக்குப் பெருக்கல், கழித்தல் தெரியும். சரி, கேள்வியைச் சத்தமாக வாசி என்றேன். "உடைந்தவை போக" என்ற இடத்தில் நின்று, "எங்க போக, டீச்சர்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் வாக்கியத்தை அவன் கண்ணால் வாசித்தேன். 'போக' என்றால் 'நீக்கிய பிறகு' என்பது கணக்குப் புத்தகத்துப் பொருள். வீட்டில் அவனுக்குப் போக என்றால் ஊருக்குப் போகத்தான். 'வீதம்', 'எனில்' இரண்டும் அவன் வாயில் ஒருநாளும் வராத சொற்கள். 'அட்டைக்கு 30' என்பது ஒவ்வொரு அட்டையிலும் 30 என்று விளங்காமல், ஏதோ ஓர் அட்டைக்குக் கொடுத்த 30 என்று நிற்கிறது. இதற்கெல்லாம் மேலாக, தமிழில் அடைமொழி முன்னால் வரும். கொண்டுவரப்பட்ட, அடுக்கப்பட்ட, எஞ்சிய என்று வரிசையாக வருவதையெல்லாம் எதைப் பற்றியது என்று தெரியாமலே பிள்ளை மனதில் தாங்கிக்கொண்டு வர வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குப் பாதி வழியிலேயே முதல் பாதி மறந்துவிடும்.

இப்படி மாற்றி எழுதினேன்.

"சத்துணவுக்கு 5 அட்டை முட்டை வந்தது. ஒவ்வோர் அட்டையிலும் 30 முட்டை இருந்தது. சில முட்டைகள் உடைந்துவிட்டன. நல்ல முட்டை 142 இருக்கிறது. எத்தனை முட்டை உடைந்தது?"

கணக்கில் எதையும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் மொத்தத்தைக் கண்டுபிடி என்று சொல்லித் தரவில்லை. இரண்டு படியையும் பிள்ளையேதான் யோசிக்க வேண்டும். நடந்தது நடந்த வரிசையில் வருகிறது, ஒரு வரிக்கு ஒரு செய்தி, கேள்வி கடைசியில் தனியாக. அவ்வளவுதான் மாற்றம். 177 எழுதிய பையன் இதை வாசித்துவிட்டு, "அப்ப முதல்ல எத்தனை முட்டை வந்துச்சுன்னு பாக்கணும்" என்று தானாகவே ஆரம்பித்தான்.

இதில் ஒரு சொல்லுக்கு நான் நிறைய நேரம் செலவழித்தேன். முதலில் 'உடையாத முட்டை 142' என்றுதான் எழுதியிருந்தேன். தமிழில் 'இல்லை' என்பது சொல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது: உடையாத, விற்காத, வராத. தடுமாறி வாசிக்கும் பிள்ளை 'உடை' என்று பார்த்ததும் உடைந்ததுதான் என்று முடிவு கட்டி 142 என்றே விடை எழுதிவிடும். 'நல்ல முட்டை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. சத்துணவு அக்காவும் அப்படித்தான் சொல்வார்.

எண்களையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் கூட்டினால் 177. மொத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டுக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 292. அட்டையின் எண்ணிக்கையை மறந்து 142இலிருந்து 30ஐக் கழித்தால் 112. தவறான விடையைப் பார்த்த உடனேயே பிள்ளை எங்கே வழி மாறியது என்று ஊகிக்க முடிகிறது. உடைந்தது 5 என்று வரும்படி எண்களை வைத்திருந்தால், கேள்வியில் இருக்கும் 5ஐ அப்படியே எடுத்து எழுதிய பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போய்ச் சேரும்.

அன்றாட வாழ்க்கைக் கணக்கு என்றால் அந்த வாழ்க்கை உண்மையாக இருக்க வேண்டும். "ரேஷன் கடையில் அரிசி கிலோ 8 ரூபாய்" என்று ஒரு கணக்குக் கொடுத்தபோது, "ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாதே டீச்சர்" என்றாள் ஒரு பெண். அவள் சொன்னது சரி, 2011 ஜூனிலிருந்தே இங்கே ரேஷன் அரிசி இலவசம். அவள் அதிலேயே நின்றுவிட்டாள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்று எழுதியிருந்தால் வீட்டில் வாங்கி வருகிறவளுக்கு அது தெரிந்த விலை, நேரே கணக்குக்குள் போயிருப்பாள்.

அப்புறம் இந்த 'விட' கணக்குகள். "மாரியிடம் 12 கோலிக்குண்டு உள்ளது. இது செல்வத்திடம் உள்ளதை விட 5 அதிகம். செல்வத்திடம் எத்தனை?" பாதி வகுப்பு 17 என்று எழுதும். 'அதிகம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று நாம் சொல்லிக் கொடுத்த குறுக்குவழிதான் இதற்குக் காரணம். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கே 'இது' எதைச் சுட்டுகிறது என்பது மொழிச் சிக்கல், அதை எடுத்துவிடலாம்: "செல்வத்தை விட மாரியிடம் 5 கோலிக்குண்டு அதிகம். மாரியிடம் 12 உள்ளது." ஆனால் யாரிடம் குறைவு என்று திருப்பி யோசிப்பதுதான் இதில் கணக்கே. அதைத் தொடக்கூடாது.

1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளுக்குப் பறவைகளும் புழுக்களும் இருக்கும் படத்தைக் காட்டிக் கேட்டார். புழுக்களை விடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது முதல் வகுப்புப் பிள்ளைகளில் 64 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். எல்லாப் பறவையும் ஆளுக்கொரு புழு பிடிக்க ஓடுகின்றன, எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டதும் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். 'விட' கணக்கை ஆரம்பிக்கும்போது நானும் இப்படித்தான் தொடங்குகிறேன்: எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள், ஆறு தட்டுதான் இருக்கிறது, எத்தனை பேருக்குத் தட்டு இல்லை? அது நன்றாகப் பிடிபட்ட பிறகு அதே படத்துக்கு "தட்டை விட ஆள் எத்தனை அதிகம்?" என்று கேள்வியை மாற்றுகிறேன்.

இப்போது கேள்வித்தாள் எழுதியதும், வாசிக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளையிடம் எண்களை மறைத்துவிட்டுக் கேள்வியைக் கொடுக்கிறேன். "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று மட்டும் கேட்பேன். முட்டை வந்தது, கொஞ்சம் உடைந்தது, எத்தனை உடைந்தது என்று கேட்கிறார்கள் என்று சொன்னால் கேள்வி தேறிவிட்டது. கதை சொல்ல வரவில்லை என்றால் வாக்கியத்தைத்தான் திருத்துவேன்.

எளிய வாக்கியமே கொடுத்துக்கொண்டிருந்தால் மேல்வகுப்புப் பாடநூலை எப்படி வாசிப்பார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் மூன்றாம் பருவத்தில் ஒரு கணக்குக்கு ஒரு கடினச் சொல் என்று உள்ளே விடுகிறேன். இந்த வாரம் 'வீதம்', அடுத்த வாரம் 'எஞ்சிய', அதற்கடுத்து 'எனில்'. தேர்வில் இல்லை, வகுப்பில், வாய்விட்டுப் பேசி. கடைசியில் அந்தப் பழைய முட்டை வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதி, இதை ஐந்து வரியாக உடைத்து எழுதுங்கள் என்றேன். ரேஷன் அரிசியைப் பற்றிக் கேட்ட அதே பெண் எழுந்து வந்து, 'அட்டைகளில்' என்ற சொல்லுக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். "இதுவரைக்கும் வந்த முட்டை, இதுக்கப்புறம் உடைஞ்ச கதை, டீச்சர்" என்றாள்.