வேளைக்கு இவ்வளவு

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை தினசரி காலண்டரில் கிழித்த ஏழு தாள்களை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் கூட்டிச் சொல்லும்மா. நாளைக்குக் குழுக் கடன் கட்டணும். நான் நெனச்சதுக்கும் கையில இருக்கறதுக்கும் ஒத்தே வரல."

ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் அவருக்கு மட்டும் புரிகிற கணக்கு. 'மேல் 2, தாத்தா 1, பசங்க 1, பஸ் 1.' மேல் என்பது மூன்றாவது மாடியில் இருக்கும் நாங்கள். தாத்தா, அடுத்த தெருவில் தனியாக இருக்கும் வயதான தம்பதி. பசங்க, எங்கள் அடுக்ககத்திலேயே கீழே இருக்கும் இரண்டு ஐடி பையன்கள். பஸ் என்பது இரண்டு ஸ்டாப் தள்ளி, வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் குழந்தையும் இருக்கும் வீடு. சாதாரண பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021 மே மாதம் அறிவிப்பு வந்த பிறகுதான் அந்த வீட்டையே ஒப்புக்கொண்டாராம். அதற்கு முன்னால் போக வர டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது.

நான்கு வீட்டிலும் மாதச் சம்பளம் இல்லை. வேளைக்கு இவ்வளவு. எங்கள் வீட்டில் காலை டிபனுக்கு 80, மதியச் சாப்பாட்டுக்கு 120, வாரம் ஆறு நாள். தாத்தா வீட்டில் மதியம் மட்டும், உப்பு குறைத்து, 110, ஏழு நாளும். பசங்களுக்கு இரவுச் சாப்பாடு 130, திங்கள் முதல் வெள்ளி வரை. பஸ் வீட்டில் இரவு டிபன் 120, ஆறு நாள். மொத்தம் வாரத்துக்கு முப்பது வேளை, 3,340 ரூபாய். நானும் இத்தனை நாளாக இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன். மாதம் பதிமூன்றாயிரத்துக்கு மேல் வருகிறதே, பரவாயில்லை என்று.

தாள்களில் இருந்தது வேறு. செவ்வாய் இரவு பஸ் வீட்டுக்குப் போய் பெல் அடித்த பிறகு, "அக்கா, இன்னைக்கு வெளியில சாப்பிடப் போறோம், மெசேஜ் போட மறந்துட்டேன்." புதன் அக்காவே லீவு, மகனின் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். வியாழனும் வெள்ளியும் பசங்க ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளி காலை எங்கள் வீட்டில் டிபன் வேண்டாம். சனிக்கிழமை பஸ் வீட்டம்மா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஆக அந்த வாரம் வழக்கமான வேளைகளில் வந்தது 2,200. ஞாயிறு எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்ததில் ஒரு 200. இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ் கிடைக்காமல் இரண்டு நாள் ஆட்டோவுக்குக் கொடுத்தது 120. மிச்சம் 2,280. அதில் குழுக் கடன் தவணை 900.

வெள்ளிக்கிழமை டிபனை வேண்டாம் என்றது நான்தான். ஃப்ரிட்ஜில் மாவு இருந்தது, நானே தோசை ஊற்றிக்கொள்கிறேன் என்று காலை ஆறேகாலுக்கு, அவர் அடுப்பைப் பற்ற வைத்த பிறகு சொன்னேன். எனக்கு அது உதவி செய்த மாதிரிகூட இருந்தது. பாவம், ஒரு வேலை குறைந்ததே என்று! அவருடைய தாளில் 'மேல் 2' அடிக்கப்பட்டு 'மேல் 1' என்று இருந்தது.

அவர் எடுத்த லீவை விட்டுவிடுவோம், அது அவர் முடிவு. வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றது மட்டும் முப்பதில் ஐந்து வேளை. ஆறுக்கு ஒன்று. அப்படியானால் 120 ரூபாய் என்று பேசிய வேளை, உண்மையில் 100 ரூபாய் வேளை. பேசும்போது எல்லோரும் முழு வாரத்தை நினைத்து ரேட் பேசுகிறோம், கொடுக்கும்போது சமைத்ததை மட்டும் எண்ணிக் கொடுக்கிறோம். நடுவில் விழும் ஓட்டை முழுக்க அவருடையது. அந்த நேரத்தில் வேறு வீடு பிடிக்கவும் முடியாது. ஏழரை மணிக்கு வேண்டாம் என்று தெரிந்தால் எட்டு மணிக்கு யார் வீட்டில் போய்ச் சமைப்பது?

மாதச் சம்பளத்துக்கு மாறிவிடுங்கள் என்றுதான் நானும் முதலில் சொன்னேன். மாட்டேன் என்றார். முன்பு ஒரு வீட்டில் மாதச் சம்பளத்துக்கு இருந்தாராம். சமையலில் ஆரம்பித்தது, சிங்க்கில் கிடக்கும் பாத்திரம், நாளைக்குக் காய், வாரம் ஒருமுறை மாவு அரைப்பது என்று போய், சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. லீவு எடுத்தால் அதற்கு வேறு முகம். "வேளைக்குன்னா சமைச்சோமா, கெளம்புனோமான்னு இருக்கும்மா." அது நியாயமாகத்தான் படுகிறது. ஆகவே முறையை மாற்ற வேண்டாம், அதிலுள்ள ஓட்டையை அடைத்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு ஓட்டை, ஆள் கணக்கு. சாதம், சாம்பார், பொரியல் என்றால் இரண்டு பேருக்கும் நான்கு பேருக்கும் நேரம் பெரிதாக மாறாது. குக்கரில் அரிசி கூடும், காய் நறுக்குவது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சப்பாத்தி அப்படி இல்லை. ஒரே தோசைக்கல்லில் பசங்களுக்குப் பன்னிரண்டு சப்பாத்தி போட இருபது, இருபத்தைந்து நிமிஷம். அவர்களுடைய நண்பர்கள் மூன்று பேர் வந்தால் முப்பது சப்பாத்தி, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஆனால் கணக்கில் அதுவும் ஒரு வேளை, அதே 130. தோசைக்கும் பூரிக்கும் இதே கதைதான். "சேர்த்துப் போட்டுத் தர்றோம்க்கா" என்பார்கள். எவ்வளவு என்று முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். ஞாயிறு ஒன்பது பேருக்கு பூரி சுட்டதற்கு நானும் என் மனதுக்குத் தோன்றிய 200-ஐத்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

'ஒரே தடவையா ரெண்டு வேளைக்கும் செஞ்சிடுங்க' என்பது தனி ரகம். மதியக் குழம்பையே இரவுக்கும் சேர்த்து வைக்கச் சொல்லிவிட்டு ஒரு வேளைக் காசு கொடுப்பது. இதில் மட்டும் எனக்கு வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் தெரிகிறது. கூடுதலாகப் போவது பத்து நிமிஷம்தான். ஆனால் அந்த இரவு வேளை அவர் கணக்கிலிருந்து ஒரேயடியாகப் போய்விடுகிறது என்பதும் நிஜம்.

அன்றைக்கே உட்கார்ந்து மூன்று விஷயம் எழுதினோம். வேண்டாம் என்றால் முந்தின நாள் இரவு ஒன்பதுக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு சொன்னால் பாதிக் காசு, வந்து நின்ற பிறகு சொன்னால் முழுக் காசு. முன்கூட்டிச் சொன்னாலும் வாரத்தில் ஒரு வேளைக்கு மேல் கழிக்கக் கூடாது. சப்பாத்தி, பூரி, தோசை பதினைந்தைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று ரூபாய். அந்த மூன்று ரூபாய்க்கே அவர் தயங்கினார். "கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்கம்மா" என்றார். நான் எழுதி, அவர் குரலிலேயே பதிவு செய்து மற்ற மூன்று வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

தாத்தா வீட்டில் உடனே சரி என்றார்கள். "பால்காரருக்கே முந்தின நாள் சொல்லிடறோம், இதுக்கு என்ன?" என்றாராம் பாட்டி. பசங்க கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். படித்தார்களா என்று தெரியவில்லை. பஸ் வீட்டில் இரண்டு நீல டிக் விழுந்து நான்கு நாள் ஆகிறது. அக்கா தினமும் ராத்திரி அங்கே போய்ச் சமைத்துவிட்டு வருகிறார், அவர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, இவரும் கேட்கவில்லை. நேற்றைய தாளில் 'பஸ் 1' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.