டேலி ஆயிடுச்சாம்!

"டேலி ஆயிடுச்சு டீச்சர்."

இந்த மூணு வார்த்தைய இனிமே என் காதுல யாராவது போட்டா, அவங்க கையில இருக்குற பேனாவ புடுங்கி பாலாத்துல வீசிடுவேன். பாலாத்துல தண்ணி இல்லன்னு தெரியும். மணல்ல குத்தி நிக்கட்டும்.

ஓட்டு எண்ணுற டூட்டிக்குப் போனவங்களுக்கு நான் ஒண்ணும் விளக்க வேணாம். காலையில அஞ்சு மணிக்கு பஸ், வாசல்ல செல்போன வாங்கி வச்சுக்குவாங்க, உள்ள வேலூர் வெயில். எனக்கு எண்ணுற மேசை கிடையாது, தொகுப்பு மேசை. ஒரு ரவுண்டுக்கு பதினாலு மேசை, பதினாலு பூத். ஒவ்வொரு மேசையிலயும் மெஷின்ல வந்த எண்ணிக்கைய 17சி படிவத்தோட ரெண்டாம் பாகத்துல எழுதி, ஏஜென்ட்டுங்க கையெழுத்தோட எங்ககிட்ட அனுப்புவாங்க. அதப் பாத்து ரவுண்டு தாள்ல எழுதி, கூட்டி, கொடுக்கணும். அவ்ளோதான் வேலை. பாத்து எழுதுறது. ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க செய்யுற வேலை.

எனக்குப் பக்கத்துல எழுத உக்கார வச்ச தம்பி இருக்கே, அது தங்கமான புள்ள. வேகம்னா வேகம். அந்த வேகத்துலதான் பத்தாவது ரவுண்டுல 137ஆம் நம்பர் பூத்துக்கு, மூணாவது வேட்பாளர் வாங்குன 328ஐ 382ன்னு எழுதிச்சு.

தப்பா எழுதுனது தப்பே இல்ல, கேட்டுக்குங்க. நானும் எழுதியிருக்கேன். அதுக்கப்புறம் செஞ்சதுதான். அந்த வரிசைய கூட்டிப் பாத்திருக்கு, 666 வருது. படிவத்துல மொத்தம் 612ன்னு இருக்கு. ஒரு மனுசன் என்ன செய்வான்? மேல ஒவ்வொரு நம்பரையும் திரும்பப் பாப்பான். நம்ம தங்கம் ரவுண்டு தாள்ல இருந்த 612ஐ அடிச்சிட்டு பக்கத்துல 666ன்னு எழுதிடுச்சு. எழுதிட்டு என்னைப் பாத்து சிரிச்சுகிட்டே, "டேலி ஆயிடுச்சு டீச்சர்."

ஆகாம என்ன? வீட்டுல அரிசி கொறஞ்சா படியச் சின்னதாக்கிட்டா டேலி ஆயிடும்.

நல்லவேளை, நான் யாரையும் நம்பாத ஜென்மம். ஓட்டுப்பதிவு அன்னிக்கு சாயங்காலமே ஒவ்வொரு பூத்துலயும் தலைமை அலுவலர் 17சி முதல் பாகத்துல மொத்தம் எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு எழுதி, அங்க இருந்த ஏஜென்ட்டுக்கெல்லாம் நகல் கொடுத்துடுவாரு. அது அன்னிக்கே முடிஞ்சு போன கணக்கு, இன்னிக்கு யார் பேனாவும் அதத் தொட முடியாது. அந்தப் பதினாலு பூத் மொத்தத்த மட்டும் தனியா ஒரு துண்டுச்சீட்டுல கூட்டி வச்சிருந்தேன். 9,038. தம்பியோட தாள் 9,092ன்னு காட்டுது. 54 ஓட்டு ஆகாசத்துலேர்ந்து குதிச்சிருக்கு.

உடனே ஆரம்பிச்சுது கச்சேரி. மேசை சூப்பர்வைசர் சார் வந்தாரு. "மாக் போல் அழிக்காம உட்டிருப்பாங்கம்மா"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. ஓட்டுப்பதிவு தொடங்குறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுங்க எதிர்ல கொறஞ்சது 50 ஓட்டாவது போட்டு மெஷின சோதிப்பாங்கல்ல, அத 'க்ளியர்' பண்ண மறந்துட்டா அதுவும் சேர்ந்து வரும். 54ன்னா 50க்குப் பக்கம்தானே! மெஷின ஓரமா எடுத்து வைங்கன்னு ஒருத்தர், விவிபேட் சீட்ட எண்ணணும்னு ஒருத்தர். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட்டுங்க காதுல 'மெஷின்ல தப்பு'ன்னு மட்டும் விழுந்துது. அப்புறம் சொல்லணுமா? நாலு கட்சிக்காரங்களும் ஒரே குரல்ல கத்தி நான் பாத்தது அன்னிக்குத்தான்.

நான் கத்துறேன், ஒருத்தர் காதுலயும் ஏறல. சார், மாக் போல்ல எல்லா வேட்பாளருக்கும் போட்டுப் பாப்பாங்க, நோட்டாவுக்கும் சேத்து. அது மிச்சமாயிருந்தா எல்லார் கணக்குலயும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கும். அதவிட, மெஷினே கூடுதலா காட்டியிருந்தா படிவத்துலயே 666ன்னு வந்திருக்கணுமே? அதுல 612ன்னுதானே இருக்கு? முதல் பாகத்துலயும் அதே 612. மெஷின் மேல பழி போட முன்னாடி தாளப் பாருங்க சார்!

தாளப் பாக்க எனக்கு அர நிமிசம் போதும். 54ஐ ஒம்பதால வகுத்தா ஆறு, மீதி இல்ல. பக்கத்துப் பக்கத்து ரெண்டு இலக்கம் இடம் மாறுனா வர்ற வித்தியாசம் எப்பவும் ஒம்பதோட மடங்காத்தான் இருக்கும். வகுத்து ஆறு வந்தா, மாறுன ரெண்டு இலக்கத்துக்கு நடுவுலயும் ஆறு வித்தியாசம். இங்க கூடுதலா வந்ததால பெரிய இலக்கம் முன்னாடி நிக்கணும். 137ஆம் பூத் வரிசைய மேலேர்ந்து பாக்குறேன். 201, இல்ல. 41, இல்ல. 382. எட்டுக்கும் ரெண்டுக்கும் ஆறு. படிவத்த எடுத்தேன், 328. முடிஞ்சுது.

நாப்பது நிமிசம்! நாப்பது நிமிசம் கூச்சல் போட்டாங்க இதுக்கு!

அதுக்கு தம்பி சொல்லுது, "54 ஓட்டுதானே டீச்சர், ஜெயிக்கிறவருக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆகாது." எந்த ஊர்ல உக்காந்துகினு எதச் சொல்ற நீ? 2021ல காட்பாடி 746 ஓட்டுல முடிஞ்சுது ராசா. 2019ல வேலூர் எம்.பி. தேர்தலையே ரத்து பண்ணி, ஆகஸ்ட் 5ந்தேதி தனியா நடத்தி, ஆறு சட்டமன்றத் தொகுதியையும் சேத்துக் கூட்டுனா வித்தியாசம் 8,141. இந்த மாதிரி தங்கம் ரவுண்டுக்கு ஒண்ணு இருந்தா போதும்.

சரி, ஒம்பது நம்ம தெய்வம்னு நெனச்சு உக்காந்தேன். பதினோராவது ரவுண்டுல அதுவும் கைவிட்டுது. ஒரு பூத்துல ரெண்டு சுயேச்சையோட ஓட்டு வரிசை மாறிப் போச்சு, இவருக்கு ஏழு, அவருக்கு ஒம்பது, தலைகீழா. வரிசைய கூட்டினா சரி. ரவுண்டு மொத்தம் சரி. 17சி மொத்தத்தோட ஒத்துப் பாத்தாலும் சரி. எல்லாம் சரி, கணக்கு மட்டும் தப்பு! ஒரு பெரிய கட்சியோட நம்பர் மாறியிருந்தா பாத்ததும் கண்ணுல குத்தியிருக்கும், ஊரெல்லாம் மூணும் நாலும் வாங்குற சுயேச்சைக்கு திடீர்னு 187 எங்கேர்ந்து வரும்? சின்ன நம்பர் ரெண்டு மாறுனா ஒரு கூட்டலும் புடிக்காது. ஒருத்தர் படிவத்தப் பாத்து வாய்விட்டுப் படிக்கணும், இன்னொருத்தர் தாள்ல விரல் வச்சுகினே வரணும். அப்படித்தான் அதயும் புடிச்சேன். பூத் நம்பர், வேட்பாளர் வரிசை, ஓட்டுன்னு அந்த ரவுண்டுலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுப் படிச்சு தொண்ட கட்டி, இன்னிக்கு வகுப்புல 'ஆஜர்' எடுக்கக்கூட குரல் வரல.

இதெல்லாம் கூட பரவால்லங்க. மத்தியானம் மூணு மணிக்கு பிரியாணி வந்துச்சு. ஆம்பூர் பிரியாணி, பொட்டலத்தப் பாத்ததும் பாதி கோவம் எறங்கிடுச்சு. எண்ணிப் பாத்தா எங்க ஹாலுக்குப் பொட்டலம் பத்தல. ஆளு 63, வந்தது 36.

கணக்கு டீச்சர் கேட்டேன், "இந்த ஆர்டர யாருங்க எழுதிக் கொடுத்தது?"

எனக்குப் பக்கத்துல ஒரு தல மெதுவா குனிஞ்சுது.

சிரிப்பு வந்துட்டுதுங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். என் பொட்டலத்த பாதியா பிரிச்சு அந்தத் தங்கத்துக்கே கொடுத்தேன். பிரிச்சுப் பாத்தா கத்திரிக்காய் தொக்கு வைக்கல. ஆம்பூர் பிரியாணிக்கு கத்திரிக்காய் வைக்காம கட்டுனவன் எவன்டா?