ஐந்து நிமிஷம் என்றால் ஐந்து நிமிஷம் கொடுங்கள் அண்ணாச்சி!

கதை கேட்க ஐந்து நிமிஷம் தருகிறேன் என்று வரச்சொல்லிவிட்டு, முதல் வாக்கியம் முடிவதற்குள் "ஹீரோ யாரு?" என்று கேட்கிறவர்களை என்னதான் செய்வது? நேற்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் ஓட்டலில் நடந்தது இது. கேட்டவர் தயாரிப்பாளர்கூட இல்லை, கூட வந்தவர். கூட ஒருத்தர் வராத தயாரிப்பாளரை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். மைத்துனரா, மேனேஜரா, யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் கேள்வி அவருடையதுதான்.

காலை பத்து மணிக்கு வரச்சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டபோது மணி மூன்று. தயாரிப்பாளர் நம்ம பக்கத்து ஆள்தான், சென்னையில் தொழில். "சொல்லுங்க தம்பி, அஞ்சே நிமிஷம், எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றார். சரி. ஐந்து நிமிஷத்துக்கு என்று தயார் செய்ததுதான் என்னிடம் இருந்தது. "ஓப்பன் பண்ணா ஒரு கிராமம்" என்று ஆரம்பிக்கிற ஆள் நான் இல்லை. அப்படி ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் டைட்டில்கூட முடியாது. ஒன்றரை நிமிஷத்தில் யார், அவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, இடைவேளையில் என்ன உடைகிறது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மிச்ச நேரம் முழுக்கக் கேள்விக்கு. தயாரிப்பாளர் முடிவெடுப்பது கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான், நாம் கதை சொல்லும் அழகில் இல்லை.

நாங்குநேரி தாலுகாவில் இருக்கும் கூந்தன்குளத்தை உங்களுக்குத் தெரியும். பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். தெரு மரத்திலும் வீட்டுப் புழக்கடை மரத்திலும் நாரை கூடு கட்டும், யாரும் கலைக்க மாட்டார்கள். அந்த மாதிரி ஓர் ஊர்தான் என் கதை. சிவகாசியில் பட்டாசு வேலை பார்க்கிற பையன், தன் கல்யாண ஊர்வலத்துக்கு ஆயிரம் வாலா போடுவேன் என்று மாமனாரிடம் சவால் விட்டுவிடுகிறான். முகூர்த்தம் மாசியில். கூட்டில் குஞ்சு இருக்கிற மாதம். ஊரே எதிர்த்து நிற்கிறது, முன்னால் நிற்பது அவனுடைய அப்பா.

இதில் "சிவகாசியில் பட்டாசு வேலை" என்பது வரைக்கும் சொல்லியிருப்பேன். "ஹீரோ யாரு?"

சொல்லுங்கள், கோபம் வருமா வராதா? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனால் அந்த அறையில் கோபம் நமக்குச் செலவு, அவருக்கு வரவு. "இவன் சூடான ஆளு, ஷூட்டிங்ல ஒத்துவர மாட்டான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். அதனால் கேள்வி முழுசாக முடியட்டும் என்று விட்டேன். ஒரு மூச்சு விட்டேன். "பையன் வேஷத்துக்குப் புதுமுகம் போதும் சார். தெரிஞ்ச முகம் தேவைப்படுறது அப்பாவுக்கு. அவருக்கு ஏழு நாள் கால்ஷீட்தான். அவர் வர்ற காட்சி எல்லாம் ரெண்டே வீட்டுக்குள்ள நடக்குது." அதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்துவதுதான் கஷ்டம். பதில் சொன்ன பிறகு வரும் அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாம் "இல்ல சார், நீங்க சொன்னா பெரிய ஹீரோகிட்டயும் போகலாம்" என்று உளறுகிறோம். உளறிவிட்டால் கதை அங்கேயே வேறு படமாகிவிடும்.

அப்புறம் தயாரிப்பாளருக்கு போன். ஒன்றேகால் நிமிஷம் என் நேரத்தில்தான் பேசினார், யாரோ வாங்கிய மனைக்குப் பட்டா மாறவில்லையாம். கூட வந்தவர் அந்த இடைவெளியில் ரீல்ஸ் பார்க்கிறார், சத்தத்தோடு! கதையை எழுதித் திருத்தி எடுத்துக்கொண்டு ஒருவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு வேண்டாமா?

போனை வைத்ததும் தயாரிப்பாளர் கேட்டார், "பறவை கால்ஷீட் கொடுக்குமா தம்பி?" கூட வந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது நல்ல கேள்வி. அன்றைக்குக் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். பறவைகள் மார்கழி, தை வாக்கில் வந்து கோடையில் போய்விடும். சரணாலயத்துக்குள் படம் எடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிடுகிற பேச்சே கிடையாது. இது தெரியாமல் போனவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். நான் சொன்னேன்: "ரெண்டு கட்டமா எடுக்கிறோம் சார். சீசன்ல ஆறு பேர் மட்டும் போய், ஜெனரேட்டர் இல்லாம, தூரத்துல இருந்து பறவையை மட்டும் எடுத்துட்டு வந்துடுறோம். நடிகர்கள் வர்ற காட்சி எல்லாம் வேற ஊர்ல, பறவை இல்லாத காலத்துல. வெடிச்சத்தம் டப்பிங்ல சேர்க்கிறது. அனுமதிக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கணும், அதனால முடிவு ஐப்பசிக்குள்ள தெரியணும்." கடைசி வரியில்தான் அவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்தது பழைய பாட்டு. "போட்ட காசு திரும்பலைன்னா?" திரும்பும் என்று அடித்துச் சொல்கிற பையன்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். சின்னப் படத்தை வெளியாவதற்கு முன்னாலேயே ஓ.டி.டி.க்காரர்கள் வாங்கிக்கொண்ட காலம் போய்விட்டது என்று அவருக்கும் தெரியும். "ஓ.டி.டி.யையோ அரசு மானியத்தையோ வரவா எழுதலை சார். தியேட்டர்ல ஓடலைன்னா நஷ்டம்தான். அந்த நஷ்டம் எவ்வளவுக்கு மேல போகாதுன்னு தாள்ல போட்டிருக்கேன்" என்று ஒற்றைத் தாளை நீட்டினேன். வாங்கினார். படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்குக் கண் போயிருக்கும்.

"அண்ணாச்சி, நேரமாச்சு." கூட வந்தவர்தான்!

ஐந்து நிமிஷத்தில் நான் பேசியது மூன்று நிமிஷம்கூட இருக்காது. தாள் மடிக்கப்பட்டு அந்தக் கூட வந்தவரின் சட்டைப்பையில் போயிற்று. தயாரிப்பாளர் பையில் போயிருந்தால்கூட மனசு ஆறும். "ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க தம்பி." யார் கூப்பிடுவார்கள், எந்த நம்பருக்கு? என் நம்பரை யாருமே கேட்கவில்லையே! தாளின் கீழே எழுதியிருக்கிறேன், ஆனால் கீழே வரைக்கும் படித்தால்தானே?

கடினமான கேள்வி கேட்பது அவர் உரிமை. அவர் பணம், கேட்கட்டும், இன்னும் பத்துக் கேள்வி கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் கேட்கும் பொறுமை வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வாசலில் காத்திருந்த மற்ற பையன்கள் முகத்தைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. அவர்களுக்கு இந்த மூன்று நிமிஷம்கூடக் கிடைத்திருக்காது.

இந்தக் கொதிப்போடு மூலைக்கரைப்பட்டி பஸ்ஸுக்கு வந்து நின்றால், நிறுத்தம் இருப்பது ஓர் இடத்தில், பஸ் போய் நிற்பது ஐம்பதடி தள்ளி. கூட்டம் மொத்தமும் பின்னாலேயே ஓடுகிறது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்த ஆச்சியைப் பார்த்து "சீக்கிரம் ஏறு கிழவி" என்று அதட்டல் வேறு. ஏன் வே, நிறுத்தத்திலேயே நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?