ரீல்ஸின் கடைசி ஐந்து வினாடி: 'ஃபாலோ' கேட்பதா, 'சேவ்' கேட்பதா?

தமிழில் வரும் குறுங்காணொலிகளில் பெரும்பாலானவை ஒரே மந்திரத்தோடுதான் முடிகின்றன: "பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, மறக்காம ஃபாலோ பண்ணுங்க." இதை ஒப்பிக்கும்போது பேசுபவரின் குரலே மாறிவிடுகிறது; அதுவரை அடுப்பங்கரையில் நின்று நம்மோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ரயில் நிலைய அறிவிப்பாளர் ஆகிவிடுகிறார். தில்லியில் தமிழில் ரீல்ஸ் போடும் சிலருக்குப் படத்தொகுப்பு செய்து கொடுப்பவன் என்ற முறையில், இந்தக் கடைசி ஐந்து வினாடிகளை வைத்து எனக்கும் அவர்களுக்கும் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது. என் கட்சி இதுதான்: முன்பின் தெரியாதவர்கள் பார்க்கிற, ஒரே காணொலியில் விஷயம் முடிந்துவிடுகிற, நாளைக்கும் பயன்படக்கூடிய காணொலிகளில் ஃபாலோ கேட்பதைவிட, 'சேவ் செய்துகொள்ளுங்கள்' என்றோ 'இன்னாருக்கு அனுப்புங்கள்' என்றோ கேட்பதே பலன் தரும். மற்றக் காணொலிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

மயூர் விஹாரில் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்க வைப்பது எப்படி என்று ஒரு ரீல்ஸ் எடுத்தார். இந்த ஊரில் ஜனவரியில் இரவு வெப்பநிலை சர்வசாதாரணமாக ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மாவு நன்றாகப் புளிக்க முப்பது டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே சென்னையில் இரவு கரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றியவர்கள், இங்கே விடிந்ததும் பாத்திரத்தைத் திறந்து பார்த்தால் அரைத்த மாவு அரைத்தபடியே இருக்கும். அந்த ரீல்ஸில் அவர் சொன்னவை நான்கு செய்திகள்: வெதுவெதுப்பான நீர் விட்டு அரைக்க வேண்டும், உப்பு புளிப்பதை மெதுவாக்கும் என்பதால் குளிர்காலத்தில் அதைக் காலையில் சேர்க்கலாம், பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட வேண்டும், எட்டு மணி நேரத்தை எதிர்பார்க்காமல் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் விட வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் ரஜாய் என்ற கனத்த பஞ்சுப் போர்வைக்குள் சுற்றி வைக்கலாம் என்று ஒரு துணைக் குறிப்பும் உண்டு.

இதைப் பார்க்கிறவர் மதிய இடைவேளையில் மெட்ரோவிலோ அலுவலகத்திலோ இருப்பார். அவருக்கு இந்தத் தகவல் தேவைப்படுவது அந்த வாரத்தில் என்றோ ஓர் இரவு, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. இந்த இடைவெளிதான் சேவ் பொத்தானின் வேலை. ஃபாலோ கேட்டால், இனி இவர் போடப்போகும், இன்னும் பார்க்காத காணொலிகளையெல்லாம் நம்பி ஒரு வாக்குறுதி கொடுக்கச் சொல்கிறோம். முப்பது வினாடி அறிமுகத்துக்கு அது பெரிய கேள்வி. சேவ் கேட்டால், அவருக்கே பயன்படும் ஒரு காரியத்தை நினைவூட்டுகிறோம். தவிர, யார் சேவ் செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. காணொலி போட்டவருக்கும் எண்ணிக்கை மட்டுமே தெரியும். கூச்சப்படுகிறவர்களும் தயங்காமல் செய்யக்கூடிய செயல் அது.

அதற்காக வெறுமனே "சேவ் பண்ணிக்கோங்க" என்று முடித்தால் அதுவும் இன்னொரு மந்திரமாகிவிடும். நாங்கள் கடைசியில் வைத்த வாக்கியம், "அடுத்த தடவை மாவு அரைக்கும்போது அளவு மறந்துபோகும், இதைச் சேவ் பண்ணி வச்சுக்கோங்க" என்பது. எப்போது தேவைப்படும் என்ற அந்த நேரத்தைச் சொன்னதும் வேண்டுகோளுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. கூடவே, அளவுகளும் நேரமும் ஒரே ஃபிரேமில் எழுத்தாகத் தெரியும்படி சுமார் மூன்று வினாடி நிறுத்தினோம். திரும்ப வந்து பார்ப்பவர் முழுக் காணொலியையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக. இந்த எழுத்தைத் திரையின் அடிப்பகுதியில் வைக்கக் கூடாது. அங்கே கணக்கின் பெயரும் விவரக் குறிப்பும் வந்து உட்கார்ந்து மறைத்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் அடியில்தான் வைக்கிறார்கள்.

வாக்கியம் எங்கே வருகிறது என்பதும் முக்கியம். இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பகுதியில், பார்த்தவர்களில் எத்தனை பேர் எந்த வினாடிவரை நின்றார்கள் என்று காட்டும் ஒரு கோடு உண்டு. "சரி, இந்த வீடியோ உங்களுக்குப் பிடிச்சிருந்தா" என்று தொடங்கும் இடத்தில் அந்தக் கோடு படியிறங்குவதை யாரும் தம் கணக்கிலேயே பார்க்கலாம், ஏனென்றால் விஷயம் முடிந்துவிட்டது என்பதற்கான மணி அதுதான். அதனால் வேண்டுகோளைக் கடைசிக்கு முந்தைய இடத்தில் வைப்பதே என் வழக்கம். மேலே சொன்ன ரீல்ஸில், சேவ் செய்யச் சொல்லும் வாக்கியம் முடிந்த பிறகுதான் காலையில் பொங்கி மேலே வந்த மாவைத் திறந்து காட்டுகிறோம். அதைப் பார்க்காமல் யாரும் நகர மாட்டார்கள்.

இனி ஷேர். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மோசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்ன ஒரு விவரம் இங்கே உதவும். காணொலிகளை வரிசைப்படுத்துவதில் முதன்மையானவை மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், சென்றடைந்தவர்களில் எத்தனை பேர் லைக் செய்கிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள். இவற்றில் லைக், ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போய்ச் சேர்வதற்குச் சற்று அதிகம் உதவுகிறது; அனுப்புதல், புதியவர்களிடம் போய்ச் சேர்வதற்கு அதிகம் உதவுகிறது. ஆகவே ஆள் சேர்க்க வேண்டும் என்று ஃபாலோ கேட்பவர், புதிய ஆட்களைக் கூட்டி வரும் காரியத்தை விட்டுவிட்டு, வந்தவரிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒருவருக்கு ஒன்றை அனுப்புவது சமூகத்தில் ஒரு பொருள் உள்ள செயல். "இதைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது" என்று சொல்வதற்குச் சமம் அது. 'புதுசா தில்லிக்கு வேலைக்கு வந்திருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க' என்றால், அனுப்புகிறவர் நல்லவராகத் தெரிவார். அதே ரீல்ஸில் 'உங்க மருமகளுக்கு அனுப்புங்க' என்று முடிக்கலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படி அனுப்பினால் அந்த வீட்டில் மாவைவிட வேறு பல பொங்கும் என்று நான் மறுத்துவிட்டேன். எடை குறைப்பு, கடன் அடைப்பு, பொடுகு, மூலம் போன்ற பொருள்களில் ஷேர் கேட்பதே வீண். அவற்றை ரகசியமாகச் சேவ் செய்வார்கள், யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். நகைச்சுவைக்கு நேர்மாறு: அனுப்புவார்கள், சேவ் செய்ய மாட்டார்கள். தில்லிப் பனிமூட்டத்தில் பேருந்து எண் தெரியாமல் ஏறிய கதையைச் சொல்லிவிட்டு "சேவ் பண்ணிக்கோங்க" என்பவரைப் பார்த்திருக்கிறேன்; எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

கேட்கும் விதத்திலும் ஓர் எல்லை உண்டு. 'பத்து பேருக்கு அனுப்பினால் பரிசு', 'இப்படிப்பட்ட நண்பரை டேக் செய்யுங்கள்' என்பன போன்ற தூண்டில் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. காணாமல்போன குழந்தையைப் பற்றிய செய்தி, நிதி திரட்டல், பயணத்துக்கு ஆலோசனை கேட்பது போன்றவற்றுக்கு இது பொருந்தாது என்றும் அப்போதே சொன்னது. அனுப்புவதற்கான காரணம் காணொலிக்குள்ளேயே இருந்தால் மென்மையான ஒரு வரி போதும். பரிசு காட்டித்தான் அனுப்பவைக்க முடியும் என்றால் குறை காணொலியில் இருக்கிறது.

எது வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொள்வோம்: ஒரு ரீல்ஸ் 2,000 பேரை அடைந்து 60 சேவ் பெற்றது, இன்னொன்று 10,000 பேரை அடைந்து 150 சேவ் பெற்றது. பார்த்தவுடன் இரண்டாவதுதான் வெற்றி என்று தோன்றும். விகிதம் போட்டால் முதலாவது 3 சதவீதம், இரண்டாவது 1.5. ஆகவே சேவ், ஷேர், ஃபாலோ மூன்றையும் சென்றடைந்தவர் எண்ணிக்கையால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதுவும் சமையல் குறிப்பைச் சமையல் குறிப்போடுதான். கோலக் காணொலியோடு அல்ல. பின்தொடர்பவர்கள் எத்தனை சதவீதம், புதியவர்கள் எத்தனை சதவீதம் என்ற பகுப்பையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பின்தொடர்பவர்கள் என்றால், ஃபாலோ எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் கடைசி வரியைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொரு குறைபாடும் உண்டு: திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்பவர்கள் இந்தச் சேவ் கணக்கில் வருவதில்லை, நம் மக்களில் அவர்கள் கணிசம்.

ஃபாலோ கேட்பது ஜெயிக்கும் இடங்களும் உண்டு என்றேன். முதலாவது, தொடர். மயூர் விஹார்த் தோழியே அடுத்து, புளித்துப்போன மாவை என்ன செய்வது என்று மூன்று பகுதிகள் எடுத்தார். அங்கே "நாளைக்கு இதே மாவுல குழிப்பணியாரம், பார்க்கணும்னா ஃபாலோ பண்ணிக்கோங்க" என்பதற்குப் பொருள் இருக்கிறது, ஏனென்றால் பார்ப்பவருக்குக் கிடைக்கப்போவது இன்னதென்று தெரிகிறது. இரண்டாவது, ஆளுக்காகவே பார்க்கப்படும் காணொலி. அரசியல் விமரிசனமோ பட விமரிசனமோ செய்பவரை அவருடைய பார்வைக்காகவே தேடி வருகிறார்கள். அதில் சேவ் செய்ய எதுவும் இல்லை. மூன்றாவது, தாண்டியாக வேண்டிய ஓர் எண்ணிக்கை இருக்கும் இடம். யூடியூபில் விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரர்களும், அதோடு ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளும் வேண்டும். ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர் சப்ஸ்கிரைப் கேட்காமல் இருப்பது கௌரவமல்ல, அசட்டுத்தனம். அவர் அதைக் கேட்கட்டும், ஆனால் அதை மட்டும் கேட்கட்டும். லைக், கமெண்ட், பெல் பட்டன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் கேட்பவர் எதையுமே செய்யாமல் விரலால் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

தோழி இப்போது ஒவ்வொரு ரீல்ஸுக்கும் எழுதும்போதே கடைசி வரியை முதலில் எழுதிவிடுகிறார்: யாருக்கு, எப்போது இது வேண்டியிருக்கும்? அதற்குப் பதில் வராத காணொலிகளில் எந்த வேண்டுகோளும் வைப்பதில்லை. மாவு பொங்கிய பாத்திரத்தோடு அப்படியே வெட்டிவிடச் சொல்கிறார், நானும் வெட்டிவிடுகிறேன்.